நாற்காலிக் கணக்கு: ஓர் அழகு நிலையத்தின் நாட்குறிப்பு

2025 ஜூன் 9, திங்கள்

திருச்சி தில்லை நகரில் பெண்களுக்கான அழகு நிலையம் ஒன்றை நடத்துகிறேன். இடம் 480 சதுர அடி. முடி வேலைக்கு நான்கு நாற்காலிகள், ஒரு ஃபேஷியல் அறை, இரண்டு பெடிக்யூர் இருக்கைகள் இருக்கின்றன. சனி, ஞாயிறு மாலைகளில் இடமில்லாமல் வாடிக்கையாளர்கள் திரும்பிப் போவதால், ஐந்தாவது நாற்காலி போடலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் இருக்கும் நாற்காலிகள் எவ்வளவு நேரம் உழைக்கின்றன என்று தெரிய வேண்டும்.

போன வாரமே ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் ஒரு தாள் ஒட்டி, வாடிக்கையாளர் அமரும் நேரத்தையும் எழும் நேரத்தையும் குறிக்கச் சொன்னேன். நேற்றிரவு அவற்றைப் பார்த்தபோது, எல்லா வேலைகளும் முப்பது நிமிடம், ஒரு மணி நேரம் என்று முழு எண்களில் முடிந்திருந்தன. உண்மையில் நடந்த வேலை அப்படி முடியாது. "அக்கா, வேலை நேரத்தில் எழுத முடியவில்லை, ராத்திரி நினைவிலிருந்து எழுதினோம்" என்று மூத்த ஊழியர் ஒப்புக்கொண்டார். அந்த வாரத்தை ஒதுக்கிவிட்டேன். இன்றிலிருந்து தரையைப் பெருக்கி அடுத்தவரை அழைக்கும் வரையிலான நேரமும் சேர்த்து, அந்தந்தக் கணத்தில் குறிக்கப்படும்.

ஜூலை 7, திங்கள்

நான்கு வாரங்கள் முடிந்தன. செவ்வாய் விடுமுறை போக 24 நாட்கள், நாளுக்குப் பத்து மணி நேரம், நான்கு நாற்காலிகள் என்றால் 960 நாற்காலி மணிகள். ஆள் அமர்ந்திருந்தது 403 மணி, அதாவது 42 விழுக்காடு. இந்தச் சராசரியை மட்டும் நம்பியிருந்தால் ஒரு நாற்காலியை எடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியிருக்கும். பிரித்துப் பார்த்தால் வார நாட்களில் 25 விழுக்காடு, சனி ஞாயிறில் 76. அந்த இரண்டு நாட்களிலும் மாலை நான்கு முதல் ஏழு வரை நான்கு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. ஆகவே நாற்காலியின் ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டென்றால், அது அந்த மாலைகளில்தான் உண்டு.

ஜூலை 8, செவ்வாய்

விடுமுறை நாளான இன்று ஒவ்வொரு சேவைக்கும் விலையிலிருந்து பொருட்செலவைக் கழித்து, நாற்காலி மணிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தேன். முடி வெட்டுக்கு 290 ரூபாய் மிஞ்சுகிறது. 35 நிமிடம் ஆகிறது. மணிக்கு ஏறத்தாழ 497. பில்லில் பெரிதாகத் தெரியும் வண்ணம் தீட்டலில் 1,050 மிஞ்சினாலும் 135 நிமிடம் பிடிப்பதால் மணிக்கு 467 மட்டுமே. ஹேர் ஸ்பாவுக்கு மணிக்கு 480. புருவம் திருத்தும் திரெட்டிங் 50 ரூபாய், பத்து நிமிடம், மணிக்கு 300.

வண்ணத்தின் 135 நிமிடத்தில் நாற்பது நிமிடம், சாயம் பிடிக்கக் காத்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் வாடிக்கையாளருக்குக் கண்ணாடியோ எங்கள் கையோ தேவையில்லை. அவரை வேறு இருக்கைக்கு மாற்றினால் நாற்காலி நேரம் 95 நிமிடமாகக் குறைந்து, மணிக்கு 663 ரூபாயாக உயர்கிறது. நிறைந்த மாலைகளின் 96 நாற்காலி மணிகளில் அறுபது திரெட்டிங்குகள் பத்து மணி நேரத்தையும், ஒன்பது வண்ணக் காத்திருப்புகள் ஆறு மணி நேரத்தையும் பிடித்திருந்தன. ஆறில் ஒரு பங்கு! நான் வாங்க நினைத்த ஐந்தாவது நாற்காலி அந்த மாலைகளில் தரக்கூடியது 24 மணி நேரம்; அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே கடைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஜூலை 9, புதன்

அப்படியானால் அந்த வேலைகளை எங்கே வைப்பது? அதற்குத்தான் சதுர அடிக் கணக்கு. பொருட்செலவு போக நான்கு வாரங்களில் முடி நாற்காலிகளின் 160 சதுர அடி, அடிக்கு 1,200 ரூபாய் ஈட்டியது. ஃபேஷியல் அறையின் 100 சதுர அடி 323 ஈட்டியது. பெடிக்யூரின் 60 சதுர அடி 221 தான் ஈட்டியது. மாத வாடகை அடிக்கு 75 ரூபாய் என்பதால் எதுவும் வாடகைக்குக் கீழே போகவில்லை. ஆனால் இவற்றிலிருந்துதான் சம்பளமும் மின்கட்டணமும் போக வேண்டும்.

பெடிக்யூரை நிறுத்திவிடலாம் என்று உடனே தோன்றியது. பில்களைப் புரட்டியதும் தயங்கினேன். 26 பெடிக்யூர் பில்களில் 19 பில்களில் முடி வேலையும் இருந்தது. அதை எடுத்தால் அந்தப் பெண்களில் எத்தனை பேர் முடி வேலைக்கு வேறு கடையைத் தேடுவார்கள் என்பதைச் சதுர அடிக் கணக்கு சொல்லாது. இரண்டு இருக்கைகளும் ஒரே நேரத்தில் நிறைந்தது மூன்று முறைதான். எனவே ஒன்றை மட்டும் எடுக்கிறேன். அந்த 30 சதுர அடியில் சாயும் நாற்காலி ஒன்றைத் திரெட்டிங்குக்கும், சாதாரண இருக்கை ஒன்றை வண்ணக் காத்திருப்புக்கும் போடுகிறேன். ஹேர் ஸ்பா இனி வார நாட்களில் மட்டுமே; அப்போது நாற்காலி சும்மாதான் கிடக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜூலை 14 முதல் புதிய அமைப்பு நடக்கிறது. முன்பு நான்கு வார இறுதிகளில் இடமில்லாமல் திரும்பிய 14 பேர் இப்போது ஐந்தாகக் குறைந்திருக்கிறார்கள். ஆனால் இது பெரும்பாலும் ஆடி மாதக் கணக்கு. முகூர்த்தங்கள் இல்லாததால் கூட்டமே குறைவு. எவ்வளவு குறைவு நாற்காலி மாற்றத்தால், எவ்வளவு ஆடியால் என்று பிரிக்க முடியவில்லை. ஹேர் ஸ்பா கேட்டு வந்த இரண்டு பேர் ஞாயிறன்று முகம் சுளித்ததையும் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்தாவது நாற்காலி வாங்கவில்லை. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கியதும் கண்ணாடி ஓரங்களில் மறுபடியும் தாள்களை ஒட்டப் போகிறேன்.