ஃபோட்டோகிராஃபியில் எத்தனை நெடில்?

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். அதில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்கையும் சம எடை போட்டுப் பார்க்கிறார்கள். முதல் மூன்றுக்கும் எப்படித் தயாராவது என்று ஓரளவு தெரிந்திருந்தது. உச்சரிப்பு என்றால் வெள்ளைக்காரர் மாதிரி பேசுவது என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். நம் ஊர்ச் சாயலுக்காக மதிப்பெண் குறைப்பதில்லை. சொல்வது கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் கணக்கு. நமக்கு அது இடறுவது பெரும்பாலும் நீளமான சொற்களில்.

என் பொழுதுபோக்கு படம் எடுப்பது. ஆகவே மாதிரித் தேர்வுகளில் ஃபோட்டோகிராஃபி என்ற சொல் அடிக்கடி வரும். பயிற்சி தந்த மேடம் ஒருநாள் நிறுத்தி, "அந்தச் சொல்லைத் தட்டிக்கொண்டே சொல்லுங்க" என்றார். மேசையில் ஐந்து தட்டு விழுந்தது: ஃபோ, ட்டோ, கி, ரா, ஃபி. அதில் மூன்று நெடில். அகராதியைத் திறந்து காட்டினார்:

`/fəˈtɒɡrəfi/`

ஆங்கிலத்தில் இது நான்கே அசை. ஃப, டாக், ர, ஃபி. நாம் நுழைக்கும் 'கி' அங்கே இல்லை. மேலே நிற்கும் சின்னக் கோடு, அடுத்து வரும் அசையில்தான் அழுத்தம் என்று சொல்கிறது. தலைகீழாகத் திரும்பிய `ə` தான் ஷ்வா என்ற தளர்ந்த உயிரொலி. நாக்கை எங்கும் தூக்காமல், வாயை அதிகம் திறக்காமல், போகிறபோக்கில் விடும் ஒரு குட்டி 'அ'. எழுத்தில் அங்கே ஓ இருக்கலாம், ஏ இருக்கலாம், ஒலி மட்டும் இதுதான்.

முதல் வாரம் 'டா'வை ஓங்கிச் சொல்லிப் பழகினேன். செல்போனில் பதிவு செய்து கேட்டால் யாரையோ அதட்டுவதுபோல் இருந்தது, தெளிவு மட்டும் கூடவில்லை. மற்ற அசைகள் முழு உயரத்திலேயே நின்றதுதான் காரணம். அழுத்தம் தனியாக எழும்பாது, பக்கத்தில் இருப்பவை தாழ வேண்டும். உயிரைக் குறுக்குவது நமக்குப் புதிதும் அல்ல. 'பாக்கு', 'நாடு' என்னும்போது கடைசி உகரத்தை அரை மாத்திரையாக்கிவிடுகிறோம், குற்றியலுகரம் என்று பள்ளியிலேயே படித்தாயிற்று. ஒலி வேறு என்றாலும் குறுக்கும் பழக்கம் அதுதான். அதைச் சொல்லின் முதலிலும் நடுவிலும் செய்வதுதான் முதலில் கூச்சமாக இருக்கிறது, சொல்லை விழுங்குகிறோமோ என்று.

எனக்குப் பலன் தந்தது வலுவான அசையிலிருந்து தொடங்கும் முறை. முதலில் 'டாக்' மட்டும். பிறகு 'டாக்ரஃபி'. அது நாக்கில் படிந்த பிறகு முன்னால் ஒரு குட்டி 'ஃப'. அப்புறம் வாயை மூடி முனகிப் பார்ப்பேன்: ம், ம்ம்ம், ம், ம். இரண்டாவது மட்டும் குரல் உயர்ந்து கொஞ்சம் நீண்டால் சரி. நான்கும் ஒரே மட்டத்தில் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

அதே குடும்பத்தில் அழுத்தம் இடம் மாறும். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில், ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். விதி எளிதுதான்: 'இக்', 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை, 'கிராஃபி', 'லஜி', 'இட்டி' என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது. பயாலஜியில் 'யா', ஆப்பர்ச்சூனிட்டியில் 'ச்சூ'. அரபிக், பாலிடிக்ஸ் போல அடங்காதவையும் உண்டு, அவற்றில் முதல் அசைதான். டெவலப்மென்ட்டுக்கு இந்த விதி எதுவும் உதவாது. டி-வெ-லப்-மன்ட் என்று இரண்டாவதில் அழுத்த வேண்டும், கடைசி 'மென்ட்' வெறும் 'மன்ட்' ஆகிவிடும். இதை நம்மில் பலரும் முதல் அசையில்தான் அழுத்துகிறோம்.

அழுத்தமில்லாத எல்லாமே ஷ்வா ஆகிவிடாது. ஃபோட்டோகிராஃபிக்கில் முதல் 'ஃபோ' துணை அழுத்தத்தோடு முழுசாகவே ஒலிக்கும், இரண்டாவதுதான் தளரும். ஷ்வா பிடிபட்ட உற்சாகத்தில் கண்ட உயிரையெல்லாம் நசுக்கினால் அசையே காணாமல் போகும். வீட்டில் தங்கச்சியிடம் வாக்கியத்தைச் சொல்லி, காதில் விழுந்ததை எழுதச் சொல்வேன். அவள் பேனா நிற்கும் இடம்தான் நான் திருத்த வேண்டிய சொல்.

தேர்வு அறையில் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது, எண்ணினால் சரளம் போய்விடும். இரண்டாம் பகுதியில் குறிப்பெடுக்கத் தரும் ஒரு நிமிடத்தில், சொல்லப்போகும் நீளமான சொற்கள் இரண்டு மூன்றுக்கு மட்டும் அழுத்தம் விழும் எழுத்தின் கீழ் கோடு போட்டுக்கொண்டேன். முடிவுச் சான்றிதழில் பேச்சுக்கு ஒரே பாண்டு மதிப்பெண்தான் வரும், உச்சரிப்புக்கென்று தனியாக எதுவும் இருக்காது. அதனால் இந்தப் பாடு எவ்வளவு சேர்த்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தேர்வு நடத்தியவர் எதையும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.