மார்ச் 2 ஊசி, மார்ச் 6 சிப்

எங்கள் கிளினிக்கின் பழைய தடுப்பூசி அட்டையில் நான்கே கட்டங்கள்தான்: தேதி, ஊசி, அடுத்த தேதி, கையெழுத்து. பல வருடம் அதை வைத்தே ஓட்டினோம். ஒரு லாப்ரடாரோடு ஜெர்மனிக்குக் குடிபெயரக் கிளம்பிய குடும்பம் வந்த பிறகுதான் அந்த அட்டை எவ்வளவு ஓட்டை என்று தெரிந்தது.

நாய்க்கு மார்ச் 2 அன்று வெறிநோய் ஊசி போட்டிருந்தேன். தோலுக்கடியில் வைக்கிற அடையாள மைக்ரோசிப் அன்று கையிருப்பில் இல்லை. நான்கு நாள் கழித்து வரச்சொல்லி, மார்ச் 6 அன்று சிப் வைத்தேன். ஊசியால் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க ஏப்ரலில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். எதிர்ப்புப் புரதம் ஒரு மில்லிக்கு 0.5 சர்வதேச அலகு இருந்தாலே போதும், முடிவு அதைவிட நன்றாகவே வந்தது. மே மாதம் பயண முகவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "டாக்டர், இந்த ஊசி கணக்கில் வராது" என்றார். ஐரோப்பிய விதிப்படி சிப் முதலில், ஊசி பிறகு. இரண்டும் ஒரே நாளில் என்றாலும் சரி. ஊசி போட்டபோது சிப் இல்லையென்றால், ஊசி வாங்கியது இதே நாய்தான் என்பதற்கு என்ன சாட்சி? நியாயமான கேள்விதான், ஆனால் அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மே 12 அன்று திரும்பவும் ஊசி. அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. ஜூலைக் கடைசியில் புறப்பட வேண்டிய நாய் செப்டம்பர் நடுவில்தான் போனது. தவறு என்னுடையது, செலவு அவர்களுடையது. ஊசிக்கும் இரண்டாவது பரிசோதனைக்கும் நான் பணம் வாங்கவில்லை. விமான டிக்கெட்டுக்கு என்ன செய்ய முடியும்?

அப்புறம் உட்கார்ந்து அட்டையை மாற்றினோம். சிப்பின் 15 இலக்க எண்ணும் அதை வைத்த தேதியும் முதல் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு ஊசி வரிசையிலும் "சிப் படித்துப் பார்த்தேன்" என்று ஒரு சிறு கட்டம். ஸ்கேனரை எடுத்து எண்ணைப் பார்த்த பிறகுதான் டிக் போட வேண்டும். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுகிறோம். 02/03 என்று எழுதினால் ஒருவர் மார்ச் 2 என்று படிப்பார், இன்னொருவர் பிப்ரவரி 3 என்பார்.

"ஊசி" என்ற கட்டம்தான் அதிகம் மாறியது. முன்பு வெறிநோய்த் தடுப்பூசி என்பதற்கு "ஏஆர்வி" என்று எழுதி முடித்துவிடுவோம். அது எந்த நிறுவனத்தின் மருந்து, எந்த பேட்ச், எப்போது காலாவதி எதுவும் தெரியாது. வருடாந்தர ஊசியா, வேறு நாய் கடித்த பிறகு போட்ட வரிசையில் ஒன்றா என்பதும் தெரியாது. இப்போது குப்பியின் லேபிளை உரித்து ஒட்டுகிறோம். கையெழுத்தும் முத்திரையும் பாதி லேபிள் மேலும் பாதி காகிதத்தின் மேலும் விழ வேண்டும், இல்லையென்றால் உரித்து வேறு அட்டைக்கு மாற்றிவிடலாம். பல டோஸ் குப்பியில் எல்லோருக்கும் லேபிள் கிடைக்காது, கையால் எழுதுகிறோம். கையெழுத்துக்குக் கீழே கால்நடை மருத்துவரின் பதிவு எண் கட்டாயம்.

"அடுத்த தேதி" என்பதை எடுத்துவிட்டு "செல்லுபடி: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை" என்று வைத்தோம். நாய் வாழ்க்கையில் முதல் ஊசி என்றால், ஐரோப்பியக் கணக்கில் 21 நாள் கழித்துத்தான் செல்லுபடி தொடங்கும். தேதி தாண்டிப் போட்டால் அதுவும் முதல் ஊசி மாதிரிதான். உரிமையாளருக்கு "வருடத்துக்கு ஒருமுறை" என்று சொன்னால் அந்த ஒருமுறை எந்த வாரத்தில் வேண்டுமானாலும் வரலாம் என்று நினைப்பார்.

சிகிச்சைத் தாளிலும் இதே கதை. ஒருநாள் என் உடன் வேலை செய்யும் டாக்டர் பழைய தாளைக் காட்டி, "அண்ணா, இந்த 0.2 என்ன?" என்று கேட்டார். வலி மருந்துக்கு "மெலாக்சிகாம் 0.2" என்று நானே எழுதியிருக்கிறேன். கிலோவுக்கு 0.2 மில்லிகிராமா, 0.2 மில்லியா? அந்த நாய் ஐந்து கிலோ, தேவை 1 மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மருந்தில் அது 0.2 மில்லியேதான், அதனால் எப்படிப் படித்தாலும் அன்று சரியாகவே இருந்தது. மாட்டுக்குப் போடும், மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து அதே 0.2 மில்லி எடுத்திருந்தால் நான்கு மடங்கு போயிருக்கும். அதனால் இப்போது எடை, மருந்தின் செறிவு, மில்லிகிராம், மில்லி, எந்த வழியாக என்று ஒரே வரியில் எழுதுகிறோம். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. ஒயிட்னர் பாட்டிலைக் கிளினிக்கிலிருந்தே அகற்றிவிட்டேன்.

தடுப்பூசி முகாமில் கொடுக்கிற அட்டையில் மட்டும் ஒரு கட்டம் இல்லை: எடை. வெறிநோய் ஊசி குட்டிக்கும் பெரிய நாய்க்கும் 1 மில்லிதான். ஞாயிற்றுக்கிழமை முகாமில் எடை போடச் சொன்னால், கயிற்றைப் பிடித்து நிற்கிற பையன்கள் ஓடிவிடுவார்கள்.