மூன்றாவது கட்டம்

மும்பை மாட்டுங்கா வீட்டில் உட்கார்ந்து, நான் வரைந்த நாலு கட்டச் சித்திரக்கதையை நேற்று ராத்திரி அனிமேஷனாக்கி முடித்தேன். குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும் பாட்டி. மூன்றாவது கட்டத்தில் வசனமே கிடையாது, குழாய் நுனியில் ஒரு சொட்டு மட்டும். நாலாவதில் தண்ணீர் பீறிட்டு வரும், பாட்டி நிமிர்ந்து பார்ப்பாள்.

முதலில் எல்லாக் கட்டத்துக்கும் மும்மூன்று விநாடி கொடுத்திருந்தேன். பார்த்த அக்கா, "ஆல்பம் புரட்டுற மாதிரி இருக்குடா" என்றாள். சரிதான். காகிதத்தில் வாசகரின் கண்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. திரையில் அதை நாம் செய்ய வேண்டும்.

அப்புறம் வசனங்களை வாய்விட்டு வாசித்து, அந்த நேரத்தோடு அரை விநாடி சேர்த்து முதல் இரண்டு கட்டங்களை வெட்டினேன். மூன்றாவதுக்கு 6 விநாடி. அதில் கேமராவைச் சொட்டை நோக்கி மெல்ல நகர்த்தியிருந்தேன். நகர ஆரம்பித்ததுமே ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அதனால் அசையாமல் நிறுத்திவிட்டேன். சத்தமும் சொட்டு மட்டும்தான், 2 விநாடிக்கு ஒன்று. மூன்றாவது சொட்டு விழவேண்டிய இடத்தில் மௌனம். விநாடிக்கு 24 பிரேம் கணக்கில், படம் மாறுவதற்கு 8 பிரேம் முன்னாலேயே குழாய்க்குள் காற்று உறுமும் சத்தத்தைத் தொடங்கினேன்.

இந்த முறை பாட்டி நிமிர்வதற்கு முன்பே அக்கா நிமிர்ந்துவிட்டாள்.