ஆடிவேலுக்கு ஹொஸ்டலில் லீவு கேட்டு எழுதிய கடிதம்

மகள் கண்டியில் ஹொஸ்டலில் தங்கி உயர்தரம் படிக்கிறாள், நாங்கள் கொழும்பில் கொள்ளுப்பிட்டியில் இருக்கிறோம். முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் விழாவின் தேர் செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டிக்குக் காலி வீதியால் வரும்போது வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, அர்ச்சனைத் தட்டு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமிக்கு இப்போது நிற்க முடியாது, அதனால் இந்த வருஷம் தட்டை மகள்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், தீபாவளி, பொங்கல் போல இதற்குப் பாடசாலை விடுமுறை கிடையாது. தேர் வந்தது வெள்ளிக்கிழமை, அடுத்த கிழமை தவணைப் பரீட்சை. இந்தப் பண்டிகையே தெரியாத வார்டனுக்கு "குடும்பப் பண்டிகை, லீவு தாருங்கள்" என்று மட்டும் எழுதினால், பரீட்சை நேரத்தில் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட ஒரு சாட்டு என்றுதான் தோன்றும். அதனால் மகளுக்கு அதில் என்ன வேலை என்பதை முதலில் எழுதினேன்:

"வெள்ளிக்கிழமை எங்கள் வாசலுக்கு வரும் ஆடிவேல் தேருக்கு, நடக்க முடியாத பாட்டிக்குப் பதிலாக மகள் அர்ச்சனைத் தட்டு கொடுக்க வேண்டும். வியாழன் பாடசாலை முடிந்ததும் நானே வந்து அழைத்துச் சென்று, ஞாயிறு மாலை 5 மணிக்கு முன் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். வெள்ளி ஒரு நாள் பாடம் மட்டும் தவறும்."

அதற்குக் கீழே என் அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், கொழும்பு விலாசம். தம்பியை அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தோம், ஆனால் ஹொஸ்டலில் பதிந்த பாதுகாவலர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாத ஆளிடம், அது சொந்த மாமாவாக இருந்தாலும், பெண் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், அது சரியும்தான்.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் வார்டன் மிஸ் போன் எடுத்தார். கையெழுத்திட்ட மூலப்பிரதி வேண்டும், அதில் வகுப்பாசிரியரும் கையொப்பம் இட வேண்டும், ஏனென்றால் ஹொஸ்டலை விட்டு வெளியே விடுவது மட்டும்தான் தன் பொறுப்பு, பாடசாலை லீவு தன் கையில் இல்லை என்றார். இரண்டும் வேறு வேறு அனுமதி என்பது நிறையப் பெற்றோருக்குத் தெரியாது, ஒன்றை வாங்கிவிட்டு வாசலில் போய் நின்று வாதாடுகிறார்கள். மூலப்பிரதியைத் தபாலில் மகளுக்கு அனுப்பினேன், அவள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தபோது வெள்ளிக்கிழமை செய்முறைப் பாடத்தை யாரிடம் எழுதி எடுப்பாள் என்று கேட்டாராம், தோழியின் பெயரைச் சொன்னதும் ஒப்பமிட்டுவிட்டார்.

வியாழன் நான் போனபோது மிஸ் அடையாள அட்டையைக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளியேறும் பதிவேட்டில் நேரத்தை எழுதச் சொன்னார். ஞாயிறு திரும்பும்போது கடுகண்ணாவையில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது, 5 மணிக்கு முன்பே போன் எடுத்து எங்கே நிற்கிறோம் என்று சொன்னேன். "சரி, வாங்கோ" என்றார். போய்ச் சேர்ந்ததும் வந்த நேரத்தையே பதிந்தோம். இனி தம்பியின் பெயரையும் பட்டியலில் சேர்க்கப் படிவம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.