எந்த நாளைக்கு?

எங்கள் சங்க மலருக்குப் பள்ளி நினைவாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, விளையாட்டு விழா, சுற்றுலா எல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று தோன்றியது. எனக்கு நினைவில் நிற்பது ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா வாராவாரம் வைத்த இலக்கணத் தேர்வு. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கு. பத்து வாக்கியம், பத்து மதிப்பெண்.

செயப்பாட்டு வினையில் எனக்குப் பெரிய தகராறு இல்லை. “மாடு புல்லை மேய்ந்தது” என்றால் புல்லிடமிருந்து ‘ஐ’யைப் பிடுங்கி, மாட்டுக்கு ‘ஆல்’ போட்டு, வினையோடு ‘படு’ சேர்த்து “புல் மாட்டால் மேயப்பட்டது” என்று எழுதிவிடலாம். இப்படி ஊரில் யாராவது பேசுவார்களா என்று கேட்கக்கூடாது. ஒரே ஒரு முறைதான் சறுக்கினேன். “நாய் என்னைக் கடித்தது” என்பதை “என்னை நாயால் கடிக்கப்பட்டது” என்று எழுதிவைத்தேன். ஐயா தாளைத் தூக்கிப் பிடித்து, “கடிபட்டது யாருப்பா?” என்றார். “நானுங்கய்யா.” “அப்ப எழுவாய் நீதான? ‘நான் நாயால் கடிக்கப்பட்டேன்’னு எழுது. ‘ஐ’ போனாத்தான் எழுவாய் ஆகும். எழுவாய் மாறினா வினைமுற்றோட வாலும் மாறும்.” வகுப்பு ஒரு வாரத்துக்கு என்னைக் கடிபட்டவன் என்றே கூப்பிட்டது.

அயற்கூற்று வேறு கதை. அதில் நான் தோற்றது தேர்வில் இல்லை, தோட்டத்தில்.

எங்கள் ஊர் பெருந்துறைப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். என் மாமா ஊர் எங்களுக்கு மேலே, வாய்க்கால் முதலில் அங்கேதான் போகும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சைக்கிளில் அங்கே போயிருந்தேன். மாமா, “மாப்ள, நாளைக்குச் சாயங்காலம் உங்க மடைக்குத் தண்ணி வருது, அப்பாருகிட்டச் சொல்லிப் போடு” என்றார். அன்றிரவு அங்கேயே படுத்துவிட்டு, புதன் காலை நேராகப் பள்ளிக்கூடம் போனேன். மாலை வீட்டுக்கு வந்து, நல்ல பிள்ளையாக, “அப்பாரு, நாளைக்குச் சாயங்காலம் தண்ணி வருதாம்” என்று சொன்னேன். மாமா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அதுதான் தப்பு.

அப்பாரு மண்வெட்டியைத் தொடவில்லை. எங்கள் முறைத் தண்ணீர் அன்றிரவே வந்து, மூடிக் கிடந்த மடையைத் தாண்டிக் கீழ்த் தோட்டத்துக்குப் போய்விட்டது. கடலை பூப்பிடித்து, விழுது இறங்கிக்கொண்டிருந்த சமயம். விடிந்ததும் அப்பாரு கேட்டது ஒரே கேள்வி: “நாளைக்குன்னியே சாமி, எந்த நாளைக்கு?”

வியாழக்கிழமை வீட்டுப்பாடம் எழுதாமல் போனதற்குக் காரணமாக ஐயாவிடம் இதைச் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தால், அவர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மாமாவின் வாக்கியத்தையே கரும்பலகையில் எழுதிவிட்டார். ‘நாளை’ என்பது பேசுகிறவன் நிற்கிற இடத்திலிருந்து எண்ணும் சொல், ஆளும் நாளும் மாறினால் அது சும்மா இருக்காது என்றார். அதனால்தான் அயற்கூற்றில் நாளை மறுநாள் ஆகிறது, நேற்று முந்தின நாள் ஆகிறது, இங்கே அங்கே ஆகிறது. “அப்ப நான் மறுநாள்னு சொல்லியிருக்கணுமுங்களா?” என்று கேட்டேன். “அதுவும் இல்ல. நீ சொன்னது புதன்கிழமை. ‘இன்னைக்குச் சாயங்காலம்’னு சொல்லியிருக்கணும். எப்பச் சொல்றம்னு பரீட்சைத் தாளுக்குத் தெரியாது, அதனால அதுல மறுநாள்.” உரைநூல்கள் நாளை என்றால் மறுநாள் என்று பட்டியல் போட்டுவிட்டுப் போய்விடும். காரணத்தை எனக்குச் சொன்னது அந்த ஒரு நாள்தான்.

அன்றைக்கு அவர் பாடத்தை நிறுத்தவில்லை. அடுத்ததாக எழுதினார்: “என் சைக்கிளை உன் தம்பி எடுத்துப் போனான்” என்று முருகன் கந்தனிடம் கூறினான். நாங்கள் எல்லாரும் விதிப்படி தன்மையையும் முன்னிலையையும் படர்க்கையாக்கி, “அவன் சைக்கிளை அவன் தம்பி எடுத்துப் போனதாக முருகன் கந்தனிடம் கூறினான்” என்று எழுதினோம். சைக்கிள் யாருடையது, தம்பி யாருடையவன், ஒன்றும் விளங்கவில்லை. பேசுகிறவனுக்குத் ‘தான்’, ‘தன்’. கேட்கிறவனுக்கு அவன் பெயரையே போட்டுவிடு என்றார். “தன் சைக்கிளைக் கந்தனின் தம்பி எடுத்துப் போனதாக முருகன் கந்தனிடம் கூறினான்.” இப்போது சண்டை வந்தாலும் சரியான ஆளோடு வரும்.

காலத்தில்தான் பலருக்கு மதிப்பெண் போனது. அதே வாரம் ஆங்கில வகுப்பிலும் இதே பாடம். சொன்னது இறந்தகாலமாக இருந்தால், சொல்லப்பட்ட வினையையும் ஒரு படி பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பது அங்கே விதி. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து, “நான் நாளை வருவேன்” என்பதைத் “தான் மறுநாள் வந்ததாகக் கூறினான்” என்று எழுதினார்கள். தமிழில் அப்படி எழுதினால் ஆள் ஏற்கெனவே வந்துவிட்டான் என்று அர்த்தம். “தான் மறுநாள் வருவதாகக் கூறினான்” என்பதே சரி. வந்தேன் என்றால்தான் வந்ததாக. ஆனால் ‘வருகிறேன்’ என்றாலும் ‘வருவேன்’ என்றாலும் நாங்கள் எழுதியது ‘வருவதாக’ என்றுதான். அந்த இடத்தில் நேர்க்கூற்றில் இருந்த ஏதோ ஒன்று காணாமல் போகிறது. ஐயா அதை ஒப்புக்கொண்டார். விடையைச் சரிபார்க்க அவர் சொன்ன வழி, அதைத் திரும்ப நேர்க்கூற்றாக்கிப் பார்ப்பது. ஆளும் இடமும் நாளும் பழையபடி வந்துவிட்டால் விடை சரி. காலம் மட்டும் சில நேரம் திரும்பி வராது.

எனக்கு இன்றுவரை ஒரு குறை உண்டு. நான் அப்பாருவிடம் சொன்ன ‘வருதாம்’ என்பதில் அந்த ‘ஆம்’ இருக்கிறதே, நான் பார்க்கவில்லை, பிறர் சொன்னது என்று அது ஒற்றை அசையில் சொல்லிவிடுகிறது. எங்கள் ஊரில் அயற்கூற்று முழுவதும் அதில்தான் ஓடுகிறது. வரச் சொன்னாராம், வேண்டாங்கறாராம். தேர்வில் அப்படி எழுதினால் சிவப்பு மை. “கொச்சை இல்லீங்கய்யா, எழுத்துத் தமிழிலும் ‘வந்தானாம்’ உண்டே” என்று ஒருவன் கேட்டான். “இருக்குது. ஆனா ‘ஆம்’ போட்டா யார் சொன்னது, யாருகிட்டச் சொன்னதுன்னு எழுதாமயே தப்பிச்சுக்குவீங்க” என்றார். எனக்கு அந்தப் பதில் பாதிதான் ஒப்பு. அதற்கு மேல் வாதாட அந்த வகுப்பில் யாருக்கும் தைரியமில்லை.

நான் இப்போது மெல்போர்னில் இருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் நம் ஊரைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறோம். ஊரில் இரவு 9 மணிக்கு அம்மா கூப்பிட்டு, “நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி உடறாங்களாம்” என்பார். இங்கே நள்ளிரவு தாண்டி 1.30, அம்மாவின் நாளை எனக்கு ஏற்கெனவே பிறந்திருக்கும். தூக்கக் கலக்கத்திலும் நான் கேட்பது, “என்ன கிழமைங்கம்மா?” என்றுதான். “வியாழக்கெழமை கண்ணு” என்று அவர் சொன்ன பிறகுதான் அடுத்த அறையில் இருக்கும் மகளிடம் சேதியைச் சொல்லப் போவேன்.