ஒரகடமா அம்பத்தூரா: இரண்டு ஆஃபர் லெட்டரோடு பத்து நாள்

2023 ஜூலையில் ஒரே வாரத்தில் இரண்டு ஆஃபர் வந்தது. அப்போது நான் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். வீடு குரோம்பேட்டை. கணவர், நான்கு வயதுப் பையன், கூடவே மூட்டுவலிக்கார அம்மா.

முதல் ஆஃபர் ஒரகடத்தில், கார் கம்பெனிகளுக்கு நேரடியாக சப்ளை செய்யும் பெரிய தொழிற்சாலையில். சிடிசி, அதாவது வருடத்துக்கு எனக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தம், 11.4 லட்சம். இரண்டாவது அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு குடும்பம் நடத்தும் நடுத்தரக் கம்பெனி. டூ வீலர் பிரேக் பாகங்கள் செய்கிறார்கள். சிடிசி 9.6 லட்சம். வீட்டில் எல்லோரும் முதல் நாளே ஒரகடம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வருடத்துக்கு 1.8 லட்சம் அதிகம், பெயர் பெற்ற கம்பெனி, வாசலுக்கு பஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார் கணவர்.

நான் இரண்டு இடத்திலும் சம்பளப் பிரிப்புத் தாளைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரகடத்தின் 11.4 லட்சத்துக்குள் என்னென்னவோ உட்கார்ந்திருந்தது. கம்பெனி தரப்பு பிஎஃப், கிராஜுவிட்டிக்கு 22,000, மெடிக்ளெய்ம் பிரீமியம் 18,000, பஸ்ஸுக்கு மாதம் 2,000, அதற்கு மேல் வேலைத்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் வேரியபிள் 1,36,800. இதையெல்லாம் கழித்து, என் பங்கு பிஎஃபையும் பிடித்தால், வரிக்கு முன் கைக்கு வருவது மாதம் சுமார் 69,000. கிராஜுவிட்டி ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும். நடுவில் போனால் அந்த 22,000 வெறும் எழுத்து.

அம்பத்தூரில் வேரியபிள் இல்லை. கிராஜுவிட்டியும் மெடிக்ளெய்மும் சிடிசிக்கு வெளியே. கைக்கு சுமார் 76,000. ஆனால் அங்கே ஒரு சூட்சுமம் இருந்தது. பிஎஃபை முழு அடிப்படைச் சம்பளத்துக்கும், அதாவது பேசிக்குக்கும், கட்டாமல், சட்டப்படியான 15,000 வரம்புக்கு மட்டும் கட்டுகிறார்கள், அதாவது மாதம் 1,800. ஒரகடத்தில் முழு பேசிக் 38,000-க்கும் 12 சதவீதம். என் பங்கையும் அவர்கள் பங்கையும் சேர்த்து அம்பத்தூரில் மாதம் 3,600 சேரும், ஒரகடத்தில் 9,120. இந்த வித்தியாசத்தையும் போட்டுப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஒரகடம் மேலே போவது வேரியபிள் வந்தால் மட்டும்தான். போன இரண்டு வருடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஹெச்ஆரிடம் கேட்டேன். முதலில் "பெர்ஃபாமன்ஸைப் பொறுத்தது மேடம்" என்றார். என் கிரேடில் சராசரி எவ்வளவு என்று திரும்பக் கேட்டபோது, "அறுபது, எழுபது பர்சென்ட் இருக்கும்" என்று இழுத்தார். ஆக, பெரிதாகப் பேசப்பட்ட 1.8 லட்சம் உண்மையில் வருடத்துக்கு 70,000-க்குப் பக்கம்தான்.

அடுத்து, கம்பெனி நிலைக்குமா என்பது. எங்கள் தொழிலில் இதை லேசாக விட முடியாது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையை மட்டுமே நம்பி லைன் போட்டிருந்த சப்ளையர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கம்பெனி பெரிதா சிறிதா என்பதைவிட, அதன் பொருள் எத்தனை வாடிக்கையாளருக்குப் போகிறது, வண்டியின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான் கேள்வி. மின்சார வண்டி வந்தாலும் பிரேக் வேண்டும், எக்ஸாஸ்ட் வேண்டாம்.

பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனியைப் பற்றி எதுவும் தெரியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வங்கிக் கடன் வாங்கிய நடுத்தரக் கம்பெனி என்றால் பெரும்பாலும் கிரிசில், இக்ரா, கேர் போன்ற ஏதாவது ஒரு நிறுவனம் அதற்கு ரேட்டிங் கொடுத்திருக்கும். அந்த ரேட்டிங்குக்கான காரணத்தை விளக்கும் சில பக்க அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கம்பெனி பெயரோடு `rating rationale` என்று போட்டுத் தேடினால் போதும். அதில் ரேட்டிங் எழுத்தை விட்டுவிட்டு, பலவீனங்கள் என்று எழுதியிருக்கும் பத்தியை நான் படித்தேன். அம்பத்தூர் கம்பெனியின் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்று அங்கே பச்சையாக எழுதியிருந்தது. நேர்முகத்தில் இதை யாரும் சொல்லவில்லை. கடன் குறைவு, தவணை தவறியதில்லை என்பதும் அதே தாளில்தான் இருந்தது.

ஒரகடத்துக்கு அப்படி அறிக்கை கிடைக்கவில்லை. அதற்கு, பிஎஃபை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ தளத்தின் `Establishment Search` உதவியது. கம்பெனி பெயரைப் போட்டால் மாதாமாதம் எந்தத் தேதியில் பிஎஃப் கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அடிக்கடி அது தள்ளிப் போனால் பணப்புழக்கத்தில் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். ஒரகடம் தேதி தவறவில்லை. ஆனால் ஆள் கணக்கு ஒரு வருடத்தில் 640-லிருந்து 470-க்கு இறங்கியிருந்தது. பார்த்ததும் பகீர் என்றது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்ததாரரின் கணக்கில் வருவார்கள், சில கம்பெனிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிஎஃப் எண்ணும் உண்டு. ஹெச்ஆரிடம் நேரடியாகவே கேட்டேன். ஒரு லைனைப் புனேவுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். எந்த லைன் என்றதற்கு, "அது மேனேஜ்மென்ட் லெவல்ல மேடம்" என்பதோடு நின்றுவிட்டார்.

பயணத்தை இரண்டு பக்கமும் செய்து பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் என்னை ஏற்ற மாட்டார்கள் என்பதால், குரோம்பேட்டையில் அது நிற்கும் இடத்துக்குக் காலை 6.30-க்குப் போய் நின்று, ஐடி கார்டு மாட்டியிருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். காலையில் ஒன்றே கால் மணி நேரம், தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்றாள். சாயங்காலம்தான் விஷயம். பஸ் 5.45-க்குக் கிளம்பும், விட்டால் அடுத்தது 8.15. "அக்கா, நீங்க குவாலிட்டின்னா 5.45 பஸ்ஸை மறந்துடுங்க. லைன் கம்ப்ளெயின்ட் எல்லாம் அஞ்சு மணிக்குத்தான் வரும்" என்றாள். எட்டேகாலுக்குக் கிளம்பி, படப்பை நெரிசலைத் தாண்டி வீடு வர ஒன்பதரை. பையனின் டே கேர் ஏழரைக்குப் பூட்டிவிடுவார்கள்.

அம்பத்தூருக்கு மின்சார ரயில். குரோம்பேட்டையிலிருந்து பார்க், அங்கிருந்து நடந்து மூர் மார்க்கெட் வளாக ஸ்டேஷன், பிறகு பட்டரவாக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுப் போனேன். எல்லா விரைவு வண்டியும் பட்டரவாக்கத்தில் நிற்காது என்பது அன்றுதான் தெரிந்தது. வீட்டு வாசலிலிருந்து கம்பெனி கேட் வரை ஒரு மணி நாற்பது நிமிடம். ஒரகடத்தைவிட அதிகம், பாதி தூரம் நின்றுகொண்டுதான். ஆனால் ஐந்தரைக்கு விட்டால் ஏழே காலுக்கு டே கேர் வாசலில் நிற்கலாம். ஒரு வண்டி போனால் அடுத்தது வரும்.

டீமைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் அதிகம் மெனக்கெட்டேன். இரண்டு இடத்திலும் ஆஃபர் கையில் வந்த பிறகு, ஒருமுறை ஷாப் ஃப்ளோரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். குவாலிட்டி ஆளுக்கு ரெட் பின்னைப் பார்த்தால் போதும், கழிவான பாகங்களைப் போடும் சிவப்புப் பெட்டி அது. அம்பத்தூரில் அது பூட்டியிருந்தது. உள்ளே ஒவ்வொரு பாகத்திலும் தேதி, ஷிப்ட், காரணம் எழுதிய டேக் தொங்கியது. ஒரகடத்தில் பெட்டி திறந்து கிடந்தது, டேக் இல்லாத பாகங்கள் விளிம்பு வரை. தினசரி மீட்டிங் போர்டில் கடைசித் தேதி மூன்று வாரம் பழையது. எனக்கு முன்னால் இந்த சீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். மூன்று வருடத்தில் நான் நான்காவது ஆள்.

அப்புறம் எங்கள் கேலிப்ரேஷன் அண்ணன். மைக்ரோமீட்டர், கேஜ் எல்லாவற்றையும் சரிபார்த்து சான்றிதழ் தருகிற லேப் ஆள். இந்தப் பக்கத்து எஸ்டேட் எல்லாம் அவருக்கு அத்துப்படி, இரண்டு கம்பெனிக்குள்ளும் போய் வருபவர். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். யாரையும் குறை சொல்லாமல் ஒன்றே ஒன்று சொன்னார்: "அம்பத்தூர்ல இருந்து டியூ தேதிக்கு முன்னாடியே போன் வந்துடும்மா. ஒரகடத்துல ஆடிட் வந்தாத்தான் என் ஞாபகம் வரும்." ஆடிட் வரும்போதெல்லாம் ராத்திரி பத்து மணி வரை பேப்பர் தயாரிக்கப் போவது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வளர்ச்சி என்று வந்தால் ஒரகடம்தான் மேல், மறுக்க முடியாது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட், புதுப் பாகத்தை ஆரம்பத்திலிருந்து கொண்டுவரும் வேலை, ரெஸ்யூமேயில் பெயர். அம்பத்தூரில் முதலாளியிடமே, மூன்று வருடத்தில் நான் என்னவாக இருப்பேன் என்று கேட்டேன். "குவாலிட்டி ஹெட் ஆகலாம்மா. அதுக்கு மேல என் பையன்தான் இருப்பான்" என்றார். கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் இழுக்காமல் பதில் சொன்ன ஒரே ஆள் அவர். ஆறு பேர் டீமை நடத்தும் வாய்ப்பும் அங்கேதான் இருந்தது.

தராசைச் சாய்த்தது அம்மாவின் முழங்கால். ஒரகடத்தின் மெடிக்ளெய்மில் கணவன், மனைவி, குழந்தைகள் மட்டும். அம்பத்தூரில் பெற்றோருக்கும் 3 லட்சம் வரை உண்டு, பில்லில் 20 சதவீதம் நாம் கட்ட வேண்டும். ஏற்கனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை என்பதை வாய்வார்த்தையாக விடாமல், பாலிசி தாளின் பக்கத்தை மெயிலில் அனுப்பச் சொல்லிப் படித்துக்கொண்டேன். அப்போது தனியாகப் பாலிசி எடுத்திருந்தால் அதற்கு நான்கு வருடம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அம்பத்தூரிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன், பிஎஃபை முழு பேசிக்குக் கட்டுங்கள் என்று. மற்ற ஊழியர்களுக்கும் செய்ய வேண்டி வரும் என்று மறுத்துவிட்டார்கள். என் பங்கை மட்டும் விபிஎஃப் என்ற விருப்பப் பிடித்தம் மூலம் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த பிப்ரவரியில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை ஆனது. எங்கள் கையிலிருந்து போனது அந்த 20 சதவீதமும், க்ளெய்மில் வராத சில்லறைச் செலவும்தான்.

இத்தனை கேட்டவள் ஒன்றைக் கோட்டை விட்டேன். ஒரகடத்தில் இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. அம்பத்தூரும் அப்படித்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சேர்ந்த அன்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் மூன்றாம் பக்கத்தில்தான் பார்த்தேன்: இரண்டாவது சனி மட்டும். மாதத்துக்கு ஒரு நாள் கூடுதல் வேலை. சனிக்கிழமைகளில் பார்க் வரை உட்கார இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான் ஆறுதல்.