மிஞ்சிய 11 மாத்திரைகள்

சமுதாய நலச் செவிலியராக வீடு வீடாகச் சென்று காய்ச்சல் விசாரித்த காலத்தில், ஒரு மாத்திரை அட்டை எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. வைவாக்ஸ் மலேரியாவுக்குச் சிகிச்சை பெற்று நலமடைந்ததாக நான் பதிவேட்டில் குறித்திருந்த முப்பது வயதுக்காரர் ஒருவர், ஏழு வாரம் கழித்து மறுபடியும் குளிர் நடுக்கத்தோடு படுத்துவிட்டார் என்று அவருடைய மனைவி வந்து சொன்னார். நான் போனபோது அவர் இரண்டு போர்வைகளுக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடந்தார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர், பிறகு காய்ச்சல், பிறகு வியர்வை என்று முறைக்காய்ச்சலைப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் தொடக்க நாட்களில் அந்த 48 மணி நேர ஒழுங்கு பெரும்பாலும் தெரிவதில்லை. தினமும் காய்ச்சல் வரலாம், நடுக்கமே இல்லாமலும் வரலாம். மலேரியாவின் இன்னொரு வகையான ஃபால்சிபாரத்தில் ஒழுங்கை எதிர்பார்த்துக் காத்திருப்பது ஆபத்து. ஆகவே காய்ச்சலின் போக்கைக் கேட்டுக் குறித்துக்கொள்வேனே தவிர, இரத்தம் பார்க்காமல் முடிவுக்கு வருவதில்லை.

விரல் நுனியில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளியைப் பரிசோதனை அட்டையில் வைத்துத் திரவத்தைச் சொட்டினேன். அட்டையுடன் வரும் குறிப்பில் 15 நிமிடமா 20 நிமிடமா என்று இருக்கும். அதற்கு முன்னாலும் பார்க்கக் கூடாது, நெடுநேரம் கழித்தும் பார்க்கக் கூடாது. கட்டுப்பாட்டுக் கோடு தோன்றாவிட்டால் அந்த அட்டை செல்லாது. அன்று கட்டுப்பாட்டுக் கோட்டோடு வைவாக்ஸ் கோடும் மங்கலாகத் தெரிந்தது. கோடு மங்கலாக இருந்தாலும் நோய் இருப்பதாகவே பொருள்.

பழைய நோயின் எச்சம்தான் கோடாகத் தெரிகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஃபால்சிபாரத்துக்கான புரதம் குணமான பின்னும் சில வாரங்கள் இரத்தத்தில் தங்கிக் கோடு காட்டும் என்பதால், அந்த வகையில் நோய் தீர்ந்ததா என்று அறிய அட்டை உதவாது. வைவாக்ஸ் கோடு காட்டும் நொதியோ கிருமி அழிந்ததும் விரைவில் மறைந்துவிடும். இரத்தப் பூச்சு எடுத்து அனுப்பியதில் நுண்ணோக்கியிலும் உயிருள்ள வைவாக்ஸ் கிருமிகள் இருப்பது உறுதியானது.

“கொசுவலை கட்டித்தான் சிஸ்டர் படுக்கிறோம். அப்படியும் வந்துவிட்டதே” என்றார் மனைவி. மீதி மருந்து எங்கே என்று கேட்டேன். அலமாரியிலிருந்து பிரைமாகுவின் அட்டையை எடுத்துக் கொடுத்தார். 14 மாத்திரைகளில் 11 அப்படியே இருந்தன. குளோரோகுயின் மூன்று நாளில் முடிந்ததும் காய்ச்சல் நின்றிருக்கிறது. அதோடு வயிற்றைப் புரட்டிய இந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

குற்றம் அவருடையது அல்ல. நான் சொல்லிக்கொடுத்த விதம் போதவில்லை. “14 நாள் சாப்பிடுங்கள்” என்று சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. குளோரோகுயின் இரத்தத்தில் உள்ள கிருமியை அழித்துக் காய்ச்சலை நிறுத்துகிறது. கல்லீரலில் உறங்கும் கிருமியை அது தொடுவதில்லை. அதற்குத்தான் பிரைமாகுவின். அந்த உறக்கம் வாரங்களிலும் கலையலாம், மாதங்களிலும் கலையலாம். இரண்டாவது காய்ச்சல் புதிய கொசுக்கடியால் வந்ததா, பழைய கிருமி விழித்ததா என்று நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அந்த 11 மாத்திரைகளைப் பார்த்தபின் என் மனம் ஒரு பக்கம்தான் சாய்ந்தது.

மருத்துவர் குளோரோகுயினையும் 14 நாள் பிரைமாகுவினையும் முதலிலிருந்து தரச் சொன்னார். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு நோயாளிக்கு இல்லை என்பது முன்பே பார்த்ததுதான்; குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரைமாகுவின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். ஆயினும் சிறுநீர் கருத்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு வரவேண்டும் என்று இருவரிடமும் சொல்லி, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தேன். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்ட உடனே போடுங்கள் என்றதில் வயிற்றுப் புரட்டலும் அடங்கியது. காய்ச்சல் விட்டு, மருந்தின் மீது அக்கறை குறைகிற நான்காம் நாளில் அவர் வீட்டுக்குப் போவதென்று வைத்துக்கொண்டேன்.

அந்த நான்காம் நாளில்தான் வலையையும் பார்த்தேன். நான்கு மூலையிலும் கட்டியிருந்தார்கள். ஆனால் கீழ் விளிம்பு பாய்க்கு ஒரு சாண் மேலே தொங்கியது. குழந்தை விளிம்போரமாகப் படுத்து, முழங்கை வலையில் ஒட்டியிருந்தது. வலையில் ஒட்டிய தோலைக் கொசு வெளியிலிருந்தே கடித்துவிடும் என்று காட்டி, கயிற்றைத் தாழ்த்திக் கட்டி, விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகச் செய்தேன். குழந்தையை நடுவில் கிடத்தினார்கள். உள்ளே இருக்கும் கிருமியை வலை தடுக்காது, ஆனால் இவரைக் கடித்த கொசு இன்னொருவருக்குக் கொண்டுபோகாமல் தடுக்கும், ஆகவே காய்ச்சல்காரரும் வலைக்குள்தான் படுக்கவேண்டும் என்றபோது, அதுவரை திண்ணையில் படுத்திருந்த அவர் தலையசைத்தார்.

பதினைந்தாம் நாள் காலையில் காலி அட்டையை எடுத்துக் காட்டினார். அடுத்த ஓராண்டுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், சாதாரணக் காய்ச்சல் என்று தோன்றினாலும், அன்றைக்கே இரத்தம் பார்க்க வரவேண்டும் என்று அவர் பதிவேட்டுப் பக்கத்தின் தலைப்பில் எழுதி வைத்தேன்.